அம்மாவின் கை உயரம்

அம்மாவுக்கு வீட்டில் பிரஷர் பார்ப்பது நான்தான். அடுப்படிப் பலகையில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்; அப்படியே மெஷினின் பட்டியைக் கையில் சுற்றிவிடுவேன். மேல் எண் 148, 150 என்றே காட்டியது. உப்புதான் காரணம் என்று ஒரு மாதமாகக் கருவாட்டை நிறுத்தி, அவரை ஏசியும் தீர்த்தேன்.

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அதே மெஷின் 134 காட்டியது. "கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழ தொங்குனா கூட்டித்தான் காட்டும் டீச்சர். முதுகைச் சாய்ச்சு, கையை மேசையில வச்சுப் பாருங்க," என்றார் நர்ஸ்.

வீட்டு மேசை தாழ்வு. திருத்தக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கி, அம்மாவின் கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைத்தேன். 133.

அம்மா கொப்பிகளைத் தட்டினார். "பிள்ளைங்க பிழைய செவப்புப் பேனையால திருத்துற. ஒரு மாசமா என்னைய ஏசுனியே, அத எதால திருத்துவ?"