முட்டையோடு கொல்லிமலை ஏறிய கதை

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியே எங்கள் பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான். அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருந்த நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார்.

கொல்லிமலையில் இருக்கிற அவருடைய தங்கையின் பேத்திக்குக் காது குத்து. மத்தியான விருந்துக்கு முட்டை தன் செலவு என்று அண்ணன்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். எருமப்பட்டியில் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணையில் காலையிலேயே அட்டை அட்டையாக வாங்கிப் பின்சீட்டில் அடுக்கி, மேலே ஒரு போர்வையையும் போட்டுக் கிளம்பினோம்.

சேந்தமங்கலம் தாண்டும்வரை எல்லாம் சுகம். சமதளச் சாலை, வெளியே வெயில், உள்ளே ஏசி. காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பித்து ஏழெட்டு வளைவு போயிருப்போம். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. நானும் முதல் கியரும் இரண்டாம் கியருமாக அதன் பின்னாலேயே ஊர்ந்தேன்.

"ஏம்மணி, ஏசி சூடாக் காத்து உடுது. கேஸ் தீந்துபோச்சாட்ட இருக்குது" என்றார் அவர்.

"மலைக்கு வந்துட்டு ஏசி எதுக்குங்க? கண்ணாடிய எறக்குங்க" என்றேன். ஆனால் ஏசியை அணைக்கவில்லை. அணைத்திருக்கலாம்.

அடுத்த சில வளைவுகளில் டிக்கென்று ஒரு சத்தம். மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீரில் நட்டுவைத்த தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம். எப்போதும் நடுவில் நிற்கிற வெப்ப முள், மேல்கோட்டை ஒட்டி நின்றது.

"ஒண்ணும் ஆவாது, ஓட்டு. இன்னும் கொஞ்சம்தான். தங்கச்சி எனக்காவக் காத்துட்டு இருப்பா" என்றார்.

"இஞ்சின் வெந்துபோனா உங்க தங்கச்சி புதுசா வாங்கித் தருவாளா?"

அங்கே நிறுத்தவும் இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் ஒரு வேன். ஏசியை அணைத்தேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி அதன் விசிறியையும் கடைசிவரை வைத்தேன். இஞ்சினைச் சுற்றி வருகிற கொதிநீரின் சூட்டைக் கொஞ்சம் காருக்குள்ளே இழுத்துக்கொள்கிற உபாயம் அது. காலுக்கடியில் அடுப்பு மூட்டியது போலிருந்தது. முள் ஒரு நூல் இறங்கியது.

"முட்டையெல்லாம் குஞ்சு பொரிக்கப்போவுது" என்றார் அவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வளைவு தாண்டியதும் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, நான்கு விளக்கையும் மினுக்கவிட்டேன். அவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"இஞ்சின ஒடனே அணைக்காத. ஓடட்டும், தண்ணி சுத்துனாத்தான் சூடு எறங்கும்" என்றார்.

லாரியில் அது சரிதான். நானும் அணைக்காமல் முள்ளைப் பார்த்தபடி இருந்தேன். இறங்குவதற்குப் பதிலாக அது மேலே நகர்ந்தது. சட்டென்று அணைத்துவிட்டேன்.

பானெட்டைத் தூக்கினோம். ஆவி வரவில்லை. கீழே தண்ணீர் சொட்டவில்லை. ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் தொட்டியில் இஞ்சினை ஆற்றுகிற பச்சைக் கூலண்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் நின்றது. தண்ணீர் பாட்டிலோடு நான் ரேடியேட்டர் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாத சாமி! உள்ள அழுத்தத்துல நிக்கிற தண்ணி. தொறந்தா மூஞ்சிக்கு அடிச்சு, தோலு உரிஞ்சுபோயிரும். ஆறட்டும்."

பிறகு குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். "பெல்ட் நல்லாருக்குது. ஏத்தம் அதிகம், அதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"காத்தாடி?"

"பெல்ட் ஓடுனா காத்தாடியும் ஓடுமுல்ல."

அவருடைய லாரியில் ஓடும். இஞ்சின் சுற்றினால் விசிறியும் கூடவே சுற்றும். எங்கள் காரில் விசிறிக்குத் தனி மோட்டார், மின்சாரத்தில் ஓடுவது. ஏசி போட்டாலே அது ஓட வேண்டும். சூடு ஏறினால் ஊளையிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தபோது ஒரு சத்தமும் கேட்கவில்லையே! சமதளத்தில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிட்டது. மலையில் ஊர்ந்தபோது காற்றுமில்லை, விசிறியுமில்லை. ஏசி சூடாக ஊதியதற்கும் காரணம் அதுதான்.

இதைச் சொன்னேன். அவர் மறுபடி குனிந்து விசிறிப் பக்கம் பார்த்தார். "நீ சொல்றது சரியாத்தான் படுது" என்று டார்ச்சுக்காகப் போனை எடுத்தார்.

சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சில கார்களில் இஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கிவிடும், விரல் போய்விடும். இஞ்சின் ஆறுவதற்குப் பாறை நிழலில் உட்கார்ந்தோம். கட்டுச்சோறு தின்றோம். இரண்டு குரங்குகள் வந்து கார் கண்ணாடி வழியாக முட்டையைப் பார்த்துவிட்டு எங்களையும் பார்த்தன. அவர் ஊன்றுகோலைக் காட்டிக் காவல் காத்தார். தங்கச்சி போன் செய்து, "அண்ணா, முட்டை எங்க?" என்றாள். நாங்கள் எங்கே என்று கேட்கவில்லை.

ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டால் கை பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் விசிறிக்குள் வெளிச்சம் அடித்தார். இறக்கைகளுக்கு நடுவே மஞ்சளாக என்னவோ சுற்றியிருந்தது. மெல்ல இழுத்தேன். எலி கடித்துக் கிழித்த துணி. கூடு கட்டக் கொண்டுவந்திருக்கிறது. இன்னும் இழுத்தேன். நாடாவும் வந்தது.

"இது உன்ற பாவாடையாட்ட இருக்குது!"

பக்கத்தில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் குரங்குகள் மரமேறிவிட்டன.

குச்சியால் தள்ளிப் பார்த்தோம். விசிறி இலகுவாகச் சுற்றியது. ஆனால் சாவி போட்டு ஏசியை அழுத்தினால் ஓடவில்லை. மாட்டிக்கொண்ட விசிறியைச் சுற்ற முயன்றதில் அதன் ஃபியூஸ் போயிருந்தது. மறுபடி சாவியை எடுத்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தோம். மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் இருந்தது. விசிறியின் ஃபியூஸுக்குள் தகடு அறுந்து கருகியிருந்தது.

"கம்பி வெச்சுக் கட்டிருவேன்" என்றார்.

"கம்பி உருகாதுங்க. அடுத்த தடவ வயரே எரியும்."

"அப்ப இத எடு." அவர் காட்டியது பின்கண்ணாடியின் பனியைப் போக்குகிற கம்பிகளுக்கான ஃபியூஸ். அதே அளவு, அதே நிறம், அதே ஆம்பியர். சித்திரை வெயிலில் பனிக்கு யார் அழுதார்கள்! பிடுங்கி இடம் மாற்றினார். சாவி போட்டு ஏசியை அழுத்தினேன். விசிறி ஊம் என்று எழும்பியது. அவர் கையைத் தட்டினார்.

அவருடைய துண்டை மடித்துப் பிடித்து, ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தோம். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. மூடிவிட்டு, ஏசி இல்லாமல், ஒவ்வொரு வளைவிலும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். நடுவை விட்டு அது அசையவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காது குத்தி முடித்து, அழுது ஓய்ந்து, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. விருந்தின் முதல் பந்தி முட்டை இல்லாமலே எழுந்துவிட்டது. இரண்டாம் பந்திக்கு அவித்துவிட்டார்கள். தங்கச்சி அண்ணனைத் திட்டிவிட்டு எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தாள்.

மறுநாள் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விட்டேன். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் பாதி வளைவுகள் தாண்டும்வரை இல்லாத பிரேக்கை மிதித்தார். அப்புறம் தலையைக் கதவில் சாய்த்து, காரவள்ளி வரும்வரை நன்றாகத் தூங்கினார்.