வஞ்சிரம் வாங்கிக்கொண்டு ஆப்சென்ட் போட்ட சார்

என் அம்மாவுக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான்: மீன் கொடுப்பது. எங்கள் குப்பத்தில் இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால், யாராவது ஒருத்தர் நல்ல மீனாகப் பார்த்து எதிர்வீட்டுக்கு அனுப்புவார். அவர்கள் வாங்கிக்கொண்டால் சண்டை முடிந்தது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் என் அம்மா, உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று நம்பியிருந்தாள்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் எங்கள் பொருளாதார சார், மீனவப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். குப்பத்தில் கேள்விப் படிவம் நிரப்பித் தரச் சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. வீடு வீடாகப் போய், அத்தைகள் திட்டத் திட்டக் கேட்டு எழுதினேன். அப்புறம் இன்னொரு கட்டுப் படிவத்தைக் கொடுத்து, "இதை நீயே உட்கார்ந்து நிரப்பிடும்மா, யார் பார்க்கப் போறாங்க?" என்றார். பக்கத்து வீட்டுக்காரிகளின் வருமானத்தையும் கடனையும் நானே கற்பனை செய்து எழுத வேண்டுமாம். மாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் அவர் வகுப்பில் மட்டும் நான் ஆப்சென்ட். முதல் பெஞ்சில் அவர் மூக்குக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். கல்லூரி இணையதளத்தில் ஆப்சென்ட் என்று இருக்கும். இன்டர்னல் தேர்வு மதிப்பெண்ணும் அதில் ஏற்றப்படவில்லை. எங்கள் கல்லூரியில் பாடவாரியாக வருகைக் கணக்கு. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் வராது. வராண்டாவில் மறித்துக் கேட்டேன். "படிவம் வந்தா வருகையும் வரும்" என்று சிரித்தார். அதைக் கேட்க வேறு யாரும் அங்கே இல்லை.

நான் அழுதேன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர் மகளான என் தோழி அழவிடவில்லை. "அழுவுறத அப்பால வச்சுக்கடி. அந்தாளு இன்னா சொன்னாரோ, அப்டியே எழுதி ஒனக்கே மெயில் போடு. இன்னிக்கே போடு, தேதி நிக்கும்" என்றாள். பிறகு சாருக்கே மரியாதையாக ஒரு வாட்ஸப் எழுதவைத்தாள்: "சார், படிவம் நிரப்பித் தந்தால்தான் வருகை போடுவதாக இன்று சொன்னீர்கள். பொய்யாக நிரப்ப என்னால் முடியாது. வகுப்புக்குத் தவறாமல் வருகிறேன்." மனுஷன் உஷாராக இருப்பார் என்று நினைத்தேன். "முதலில் படிவம், மற்றதை அப்புறம் பேசலாம்" என்று பதில் வந்தது. என் தோழி வகுப்பிலேயே விசில் அடித்தாள்.

வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதே, மூல உரையாடலை அழிக்காதே என்றாள். வாரம்தோறும் வருகைப் பக்கத்தைத் தேதி தெரியப் படம் எடுத்தோம். அதே நாட்களில் முந்தைய பீரியடிலும் அடுத்த பீரியடிலும் நான் பிரசென்ட், அதையும் சேர்த்தோம். அவர் திருத்திக் கொடுத்த தேர்வுத்தாளையும் வைத்து, மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகார் எழுதி, முதல்வர் அலுவலகத்தில் கொடுத்தோம். எங்கள் நகலில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரும்வரை அவள் நகரவேயில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அம்மா ஜாலியாக வீட்டுக்கு வந்தாள். "காலீல காலேஜ் கேட்டாண்ட போயி ஒன் சாருக்கு ஒரு வஞ்சிரம் குட்த்தேன். சிரிச்சிக்கினே வாங்கிக்கினாரு. முட்ஞ்சிதுடி!"

"எம்மா, இன்னாமா பண்ணிட்ட! லஞ்சம்னு சொல்லுவாரும்மா!" என்று கத்தினேன். அம்மா முகம் வாடிப்போனது. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. தோழிக்கு போன் போட்டேன். "மறைச்சா செத்தோம். நாமளே எழுதிக் குட்த்துடலாம்" என்றாள். என் அம்மா எனக்குத் தெரியாமல், எங்கள் வழக்கப்படி சமாதானத்துக்காக மீன் கொடுத்தார் என்று மறுநாள் காலையில் கூடுதல் கடிதம் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கினோம்.

நினைத்த மாதிரியே சார் அதைத்தான் முதலில் எடுத்தார். "வருகை போடச் சொல்லி மீன் கொடுத்தாங்க மேடம்." குழுத் தலைவியான பேராசிரியை, "அதை அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றபடி, என்னோடு வந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "குட்த்தேன் மேடம். எங்காண்ட மீன வாங்கிக்கினா சண்ட முட்ஞ்சிதுனு அர்த்தம். நேத்து காலீல வாங்கினாரு, மத்தியானம் மறுக்கா ஆப்சென்ட் போட்ருக்காரு. எம் பொண்ணு எங்க பொம்பளைங்க பேர்ல பொய் எழுத மாட்டேன்னா, அவ்ளோதான். அவளுக்கு எதுவும் சேத்துப் போட வாணாம். வகுப்புல இருந்தாளா இல்லியானு, நெசத்த மட்டும் எழுதிடுங்க."

பேராசிரியை என் போனை வாங்கி, அந்த உரையாடலை மேலிருந்து கீழ்வரை படித்தார். என் வருகை திருத்தப்பட்டது. தேர்வுத்தாளை வேறொரு ஆசிரியர் பார்த்து மதிப்பெண் போட்டார்.

ஹால் டிக்கெட்டை மார்க்கெட்டுக்கே எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, அதில் அச்சாகியிருந்த என் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ அங்கதான் கீறனு ஒத்துக்கினாங்கல்ல" என்றாள்.