சக்கரம் இடப்பக்கம்

ராயபுரம் எண்ணெய் ஆலையில் கடிதம் எழுதும் ரஷீது லேசில் விடுகிற ஆளில்லை. இங்கிலாந்துத் தொழிற்சாலை ஒன்று இவர்களுக்கென்றே எண்ணெய் பிழியும் எந்திரம் செய்துகொண்டிருந்தது. ஆலையில் இடப்பக்கம் சுவர். ஆகவே சக்கரம் வலப்பக்கம் வரவேண்டும்.

வார்ப்பு என்றைக்கு, பாகங்களைப் பூட்டுவது என்றைக்கு, கப்பலேற்றுவது என்றைக்கு என்று தேதி கேட்டு எழுதியே அவன் விரல் தேய்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் வேண்டும் என்றான். வேறு யாருடைய எந்திரத்தையோ காட்டி ஏய்க்காமலிருக்க, ஆர்டர் எண்ணைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொன்னான்.

தேதிகள் தந்தியில் ஒழுங்காக வந்தன. பூட்டிய எந்திரத்தின் படம் மட்டும் கப்பல் தபாலில் ஆடி அசைந்து வந்தது. அதற்குள் எந்திரமும் கப்பலேறிவிட்டது. படத்தில் சக்கரம் இடப்பக்கம் இருந்தது.

"இன்னா ரஷீது இது?" முதலாளி அப்துல் வஹாப் படத்தை அவனிடம் நீட்டினார். "பிலிம திருப்பிப் போட்டு கழுவிக்கீறானா? கண்ணாடில தெரியற மாரி?"

"அப்டிதான் இருக்கும் பாய்," என்று ரஷீது படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். திருப்பிக் கழுவியிருந்தால் எழுத்தும் திரும்பியிருக்க வேண்டும்.

அவன் கேட்டு வாங்கிய பலகையில், அந்த எண் நேராக, அழகாக இருந்தது.