நல்ல விசயமும் கால் மணித்தியாலமும்

ஹம்பேர்க்கில் ஓர் இத்தாலிய உணவகத்தின் குசினியில் சட்டி கழுவிய சுகிர்தனுக்கு அந்த வாரம் தலை வெடித்தது. துறைமுகப் பக்கத்துக் களஞ்சிய நிறுவனமொன்று அவனைத் தொழிற்பயிற்சிக்கு, அதுதான் அவுஸ்பில்டுங்குக்கு, எடுக்கச் சம்மதித்திருந்தது. ஆனால் இரண்டு வருடப் பயிற்சி. மூன்று வருடம் படித்தவனுக்குத்தான் மதிப்பு என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். விட்டால் காலம் முழுக்கச் சட்டிதான்.

கேட்கத் தோதான ஆள் தர்மிகா. கப்பல் சரக்கு அனுப்பும் கொம்பனியில் பயிற்சியாளர்களைப் பார்த்துக்கொள்பவள், மூச்சுவிட நேரமில்லாதவள். பலசரக்குக்கடை நித்தியானந்தன் அண்ணையிடம் அவளின் வீட்டுத் தொலைபேசி இலக்கம் வாங்கினான். யாரும் எடுக்கவில்லை. "தர்மிகாவோட ஒரு நல்ல விசயமாக் கதைக்கோணும்" என்று பதிவுக்கருவியில் சொல்லி வைத்தான். பாவி! 'அக்கா' என்றாவது சேர்த்திருக்கலாம். நம்மவர்களிடம் 'நல்ல விசயம்' என்றால் கலியாணம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே!

அன்று பின்னேரமே தர்மிகாவின் அம்மா அழைத்தார்.

"தம்பி, எந்த ஊர்? எத்தினை சகோதரம்? என்ன நட்சத்திரம்?"

ஜெர்மனியில் எதற்கெடுத்தாலும் விபரம் கேட்பார்கள் என்று பழகிப்போனவன், ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான். நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் இடித்தது.

அடுத்த நாள் தர்மிகாவே எடுத்தாள்.

"இஞ்ச பாரும், எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம்!"

"ஐயோ, எனக்கும் வேண்டாம்! எனக்கு அவுஸ்பில்டுங்தான் வேணும்!"

மறுமுனையில் சிரிப்பு. "வேலை எடுத்துத் தரச் சொல்லிக் கேக்கப் போறீரோ? என்னால ஏலாது."

"இல்லை. கால் மணித்தியாலம் போதும். ஒரேயொரு கேள்வி. ரெண்டு வருசம் முடிச்சாப்பிறகு மூண்டாம் வருசம் தொடரலாமோ?"

"அவ்வளவுதானே? நாளைக்கு மத்தியானம் என்ர ஒஃபிசுக்குக் கீழ இருக்கிற பேக்கரிக்கு வாரும்."

போனான். நின்றபடியே கோப்பி குடித்துக்கொண்டு அவள் சொன்னாள். "தொடரலாம். ஆனா நிறுவனம் உம்மை வைச்சிருக்கோணும். நல்லாச் செய்தா மூண்டாம் வருசமும் தருவீங்களோ எண்டு கையெழுத்துக்கு முதல் கேளும். வாயால சொன்னாக் காணாது, எழுத்தில வாங்கும்."

நேரம் மிச்சமிருந்தது. ஆனாலும் நன்றி சொல்லிப் புறப்பட்டான்.

"உண்மையாவே போறீரோ?" தர்மிகா வாயைப் பிளந்தாள். "எங்கட ஆக்கள் கால் மணித்தியாலம் எண்டால் சாப்பாட்டுக்கும் நிப்பினம்!"

நிறுவனம் ஒப்புக்கொண்டது, எழுத்திலும் கொடுத்தது. வியாழனன்றே கையெழுத்து வைத்துவிட்டு, தலைகால் புரியாத சந்தோசத்தில் தர்மிகாவுக்கு நன்றி சொல்ல அழைத்தான். அம்மாதான் எடுத்தார்.

"தம்பி, உங்களைத்தான் நினைச்சனான்." குரலில் அப்படியொரு கனிவு. "குறை நினையாதேங்கோ. உங்கட நட்சத்திரத்தை ஐயரிட்டக் காட்டினனாங்கள். பொருந்தேல்லை."

ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ நிறுவனங்கள் சுகிர்தனுக்கு இல்லை என்றிருக்கின்றன. விண்ணப்பிக்காத இடத்திலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அதுதான் கொஞ்சம் வலித்தது.