போகாத ஊருக்கு ஒத்திகை

விஜயம் வாழ்க்கையில் தொடங்கிய தொழில்கள் எல்லாமே நன்றாக நடந்தவை. சிக்கலே அதுதான். நடக்காத தொழிலை விட்டுவிட்டு லாரி ஏறுவதில் ஒரு வருத்தமும் கிடையாது.

கணவர் நீலகண்டனுக்குப் பொதுத்துறை வங்கியில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம். கோயம்புத்தூரில் விஜயம் ரவிக்கை தைத்தாள். தையல் மெஷின் லாரியில் ஏறியது, அளவு கொடுத்த பெண்கள் ஏறவில்லை. ஹூப்ளியில் டியூஷன் எடுத்தாள். விஜயவாடாவில் சாம்பார்ப்பொடி விற்றாள். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் வாங்கிய பதிவு அந்த வீட்டு விலாசத்துக்குத்தான் செல்லும், வீடு மாறினால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும் என்றார்கள். பொடி தீர்ந்ததோடு தொழிலும் தீர்ந்தது.

திருவனந்தபுரத்துக்கு வந்து கரமனையில் குடியேறியபோதுதான், தான் பி.காம். படித்தவள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் நாகர்கோவில் பக்கத்துக் கடைக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தரத் தொடங்கினாள். மாதம் பதினொன்றாம் தேதிக்குள் விற்பனை விவரம், இருபதாம் தேதிக்குள் வரி. முதல் கடை பூஜைச் சாமான் விற்கும் பொன்னம்மையுடையது. அவள் சொல்லித்தான் அந்த வரிசையில் மற்றவர்களும் வந்தார்கள். விஜயம் கடை கடையாகப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் தரும் காப்பியைக் குடித்து, கற்பூர வாசனையோடு பில் கட்டுகளை வாங்கி வருவாள்.

போன வருஷம் நீலகண்டனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஏற்றால் வேறு மாநிலம். "உனக்கு இப்பத்தான் ஒண்ணு காலூன்றியிருக்கு" என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். திட்டியிருந்தால் விஜயம் நிம்மதியாக இருந்திருப்பாள். அவர் பெருந்தன்மையாக இருந்ததுதான் உறுத்தியது.

அதனால்தான் அந்த யோசனை. எந்த ஊரில் இருந்தாலும் நடக்கும்படி தொழிலை மாற்றிவிட்டால்? வெறுமனே மாற்றினால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். வேறு ஊருக்குப் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு, கரமனை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தாள். பில்களை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கணக்கைத் தாக்கல் செய்யும்போது ஓடிபி கடைக்காரரின் போனுக்கு வரும், அதை மட்டும் அவர்கள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கிழக்கேகோட்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மூன்று மாதக் கணக்கும் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா, நான் எங்க இருந்தா என்ன?" என்றாள் பெருமையாக.

நீலகண்டன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்த வருஷம் பதவி உயர்வு மறுபடி வந்தபோது மறுபேச்சில்லாமல் சம்மதம் எழுதிக் கொடுத்தார். குவஹாத்தி.

விடைபெறுவதற்காகப் பொன்னம்மை கடைக்குப் போனாள் விஜயம். அந்த மாதத்துப் பில் படங்கள் இன்னும் வரவில்லை, அதையும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ஐயோ, விஜயமா! எப்ப வந்தே மக்ளே?"

"எங்கேருந்து வர்றதுக்கு அக்கா? இங்கதான் இருக்கேன்."

"சும்மா சொல்லாதே. நீ ஊரு மாறிப் போயாச்சுன்னுல்லா இந்த வரிசை முழுக்கப் பேச்சு! ஆளையும் காணல்ல, சத்தத்தையும் காணல்ல. போனு மட்டும் வருது."

"கரமனையிலதான் அக்கா இருந்தேன். வீட்ல இருந்தே பாத்துக்கிட்டேன்."

"கரமனையிலயா?" பொன்னம்மை ஊதுபத்திக் கட்டை அடுக்குவதை நிறுத்தினாள். "பஸ்ஸுல ஏறினா பத்து நிமிஷம். அங்க இருந்துக்கிட்டா வராம இருந்தே?"

ஒத்திகை என்று சொன்னால் இவளுக்கு எப்படிப் புரியும்?

"கோவிச்சுக்காதே கேட்டோ. எறணாகுளத்துல ஒரு பையன் செய்யான். அவனுக்கும் படம் அனுப்பினாப் போதும். காசும் உன்னைவிடக் கொறவு. இந்த மாசத்துலேருந்து அவங்கிட்டக் குடுத்தாச்சு. பாத்திரக்கடைக்காரரும், எண்ணெய்க்கடைக்காரரும், இந்த வரிசையில மத்தவங்களும்கூட. நீ வந்து இருந்தேன்னா நம்ம பிள்ளைன்னு இருக்கும். போன்ல உள்ள ஆளு யாரா இருந்தா என்ன மக்ளே?"

ஒரு காப்பி வரவழைத்தாள் பொன்னம்மை. விஜயம் அதை ஸ்டூலில் உட்காராமல் நின்றே குடித்தாள்.

மூன்று மாதம் அவள் நிரூபித்தது ஒன்றைத்தான்: அந்த வேலைக்கு அவள் வர வேண்டியதில்லை. கணவர் அதில் பாதியைப் புரிந்துகொண்டார், கடைக்காரர்கள் மீதிப் பாதியை. இனிச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

வீட்டில் நீலகண்டன் போனில் குவஹாத்தி வீட்டுத் தரகரோடு இந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்தினார். முகத்தில் பெரிய மகிழ்ச்சி.

"ரோட்டுப் பக்கமா ஒரு ரூம் தனியா இருக்காம், உன் ஆபீசுக்கு. நெட் லைனும் இருக்கு. வாடகை கொஞ்சம் கூட. பரவால்ல, பேசி முடிச்சிரட்டுமா?"

விஜயம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"ஒரு ரூம் கொறஞ்ச வீடாப் பாருங்க" என்றாள்.