உதிராத கோதுமை

மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. நகரின் மறுகோடியில், ஹவுன்ஸ்லோவில் இருந்த மாமா, மாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மகளை ஈஸ்ட் ஹாமில் எங்களிடம் கொண்டுவந்து விட்டார். ஆஸ்பத்திரி என்றால் போய்விட்டுத் திரும்பி வருகிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு கிழமையில் போய்விடுவாள் என்று பொறுத்துக்கொண்டேன். அவள் போகவில்லை. என் கட்டிலில் ஜன்னலோரம் அவளுடையதாயிற்று. காலையில் அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை இழுத்துப் பின்னிவிட்டார். பொரித்த மீனில் பெரிய துண்டும் அவளுக்கே. கேட்டால், "அவள் பாவமடி, நீ கொஞ்சம் விட்டுக்குடு" என்பார்.

பள்ளிக்கூடத்திலும் ஒரே வகுப்பு. யூப்ரடீஸ் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஆதி மனிதர்கள் எப்படி விவசாயம் தொடங்கினார்கள் என்று அந்த வருடம் படித்தோம். கோடையில் அதைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்ல வேண்டும். அதற்காக ரீச்சர் இரண்டு தொட்டிகளில் கோதுமை விதைக்கச் சொன்னார். மச்சாளுக்குப் பயிர்க் கோதுமை. எனக்கு அதன் ஆதி உறவான காட்டுக் கோதுமை. பெயரைக் கேட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது.

அவளுடைய விதைகள் கொழுத்திருந்தன. என்னுடையவை ஒல்லிக்குச்சிகள். அவளுடையவை சொல்லிவைத்ததுபோல ஒன்றாக முளைத்தன. என் தொட்டியில் இன்று ஒன்று, பிறகு ஒன்று, மற்றவை மண்ணுக்குள் நித்திரை. காட்டு விதைகள் அப்படித்தான், முதலில் முளைத்தவை பனியில் செத்தாலும் மிச்சம் பிழைக்கும் என்றார் ரீச்சர். என்னைத் தேற்றச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

கோடை வந்தது. கதிர்கள் வைக்கோல் நிறமாயின. மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். பின்னால் பெற்றோர். அரைநாள் லீவு எடுத்து அம்மாவும் வந்திருந்தார். மச்சாள் தன் தொட்டியை மேசையில் வைத்தாள். ஒரு மணிகூட அசையவில்லை. நான் என்னுடையதை வைக்கும்போது என் கை பட்டது. அவ்வளவுதான். கதிர்கள் உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கழன்று தரையில் கொட்டின. பிள்ளைகள் சிரித்தார்கள். பொறுக்க வந்த மச்சாளிடம், "விடு, தொடாதை!" என்று சீறினேன்.

அவளுடையது ஏன் விழவில்லை என்று முன்னால் இருந்த ஒரு சின்னவன் கேட்டான்.

ரீச்சர் வாய் திறக்கும் முன்னே என் பொறாமை பதில் சொன்னது. அவளுடையதுக்கு விழக்கூடத் தெரியாது என்றேன். என்னுடையது முற்றினால் தானாக உதிரும். அம்புபோன்ற நுனி மண்ணில் குத்தும். பகல் வெயிலின் உலர்விலும் இரவு ஈரத்திலும் அதன் நீண்ட மயிர்கள் விரிந்து சுருங்கி, விதையை மண்ணுக்குள் தள்ளும். அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். அவளுடையதோ, மனிதர் அறுத்து, அடித்து, விதைத்தால்தான் உண்டு. விட்டுவிட்டால் தாளிலேயே நின்று குருவிக்குத் தீனியாகும்.

அப்படியானால் இது எப்படி அதுவாக மாறியது என்று ரீச்சர் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். விடை அங்கேயே கிடந்தது; அதையே சொன்னேன். அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் வேட்டையாடி, காட்டுத் தானியம் பொறுக்கி வாழ்ந்தவர்கள். கற்பல் பதித்த அரிவாளால் முற்றிய கதிரை அறுத்தபோது, இதேபோலப் பெரும்பாலான மணிகள் கொட்டிப் போயின. லட்சக்கணக்கில் ஒன்று பிறப்பிலேயே உதிராத கதிராக இருந்தது. கட்டோடு கட்டாக இருப்பிடம் வந்து சேர்ந்தது அதுதான். வந்ததில் பெரும்பகுதியைத் தின்றார்கள், கொஞ்சத்தை விதைத்தார்கள். அடுத்த அறுவடையில் உதிராதவை சற்றுக் கூடின. யாரும் திட்டம் போடவில்லை. எத்தனையோ தலைமுறைகள் போனபின் வயல் முழுவதும் உதிராமல் நின்றது. பிறகு மனிதராலும் அலைய முடியவில்லை. உழவும், குருவி விரட்டவும், விளைந்ததைச் சேர்த்து வைக்கவும் வயலருகே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள்.

மண்டபம் கை தட்டியது. முதல்முறையாக எல்லாரும் என்னை மட்டும் பார்த்தார்கள். மச்சாள் என் காதருகே வந்து கேட்டாள்.

"அப்ப, அது இனித் திரும்பிப் போக ஏலாதோ?"

"ஏலாது," என்றேன் வென்ற குரலில். "ஆரும் வச்சுப் பாத்தாத்தான் அதுக்குச் சீவியம்."

"ஓம்" என்று தலையாட்டினாள்.

நான் அம்மாவிடம் ஓடினேன். அவர் கையில் போன் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்ட மாமாவோடு கதைத்து முடித்திருந்தார். கண்கள் நனைந்திருந்தன. நான் பேசியதைக் கேட்டு அழுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. நீட்டிய என் கைகளைத் தாண்டிப் போய், அம்மா மச்சாளைக் கட்டிப்பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

இன்றைக்குமா அவளுக்குத்தான் முதலில் என்று, திரும்பி வந்து உதிர்ந்த மணிகளின் நடுவே நின்று நான் பொருமிக்கொண்டிருந்தேன்.