எதற்கும் ‘ஆமாங்க’ சொன்னவன் விசாவுக்குப் போன கதை

எழுபதுகளில் தருமபுரியில் கல்லூரி வாத்தியாராக இருந்த எனக்கு, அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. பாக்கி இருந்தது மெட்ராஸ் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் மட்டும்தான். அந்த ‘மட்டும்தான்’ என்னைத் தூங்கவிடவில்லை. வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவன், அதிகாரி என்று யாராவது எதிரில் உட்கார்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ‘ஆமாங்க’ போடுவேன்.

கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்த அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என்னை எதிரில் நிறுத்தி அதிகாரியாக மாறினாள்.

“படிப்பு முடிஞ்சா அங்கியே தங்கிடுவியா?”

“ஆமாங்க.”

“போச்சு! விசா அப்பவே போச்சு. மனு கொடுக்க வர்றவங்க எல்லாம் இப்படித்தாண்டா தலையாட்டுறாங்க. ‘இல்லை’ன்னா அவருக்கு மரியாதைக் குறைவா?”

அன்றிலிருந்து பயிற்சி. பாஸ்போர்ட், அமெரிக்கக் கல்லூரி அனுப்பிய சேர்க்கைப் படிவம், உதவித்தொகைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், விடுப்பு உத்தரவு எல்லாவற்றையும் எடுக்கத் தோதாக அடுக்கினாள். “கேள்வி புரியலன்னா மறுபடி கேளு. தப்பாச் சொல்லிட்டா அங்கியே திருத்து. பொய் மட்டும் வேணாம்.” நானோ ‘நோ சார்’ என்பதையே ஜெபம் போல உருப்போட்டேன்.

மொரப்பூரில் ரயிலேறி மெட்ராஸ் சேர்ந்து, மறுநாள் காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

“உட்காருகிறீர்களா?” என்றார் அதிகாரி ஆங்கிலத்தில்.

“நோ சார்.”

புருவத்தைத் தூக்கினார். “படிப்புச் செலவுக்கு ஏற்பாடு இருக்கிறதா?”

“நோ சார்.”

உதவித்தொகைக் கடிதம் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவின் குரல் மண்டைக்குள் அதட்டியது. மூச்சை இழுத்து விட்டேன்.

“மன்னிக்கணும். பதற்றத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன். கல்விக் கட்டணமும் மாதச் செலவும் பல்கலைக்கழகமே தருகிறது.”

சிரித்துவிட்டார். என்ன படிக்கப் போகிறேன், ஏன் அந்தக் கல்லூரி என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்த விஷயம். வாய் வகுப்பில் போலவே ஓடியது. கடைசியில்தான் அந்தக் கேள்வி: “படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிடுவீர்களா?”

கொஞ்சம் நிதானித்தேன். “நோ சார். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் படிப்பு விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்து பாடம் எடுக்க வேண்டும்.” விடுப்பு உத்தரவையும் நீட்டினேன்.

படித்துவிட்டு, பிற்பகல் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் அக்கா விசாவைப் புரட்டிப் பார்த்தாள்.

“தங்கிடுவியான்னு கேட்டாரா?”

“கேட்டாருக்கா. ‘நோ சார்’னு சொன்னேன்.”

“அப்பாடா! நான் சொல்லிக் கொடுத்தது வீண் போகல.”

“வீண் போகல. மத்த கேள்விக்கும் அதையே சொல்லிட்டேன்.”

அடிக்கக் கையை ஓங்கியவள், சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.